பத்தாண்டு கடந்த டீசல் காரைத் தேர்ந்தெடுக்க ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தென்காசியிலிருந்து எழுதுகிறேன். மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் பழைய கார் வாங்க எண்ணி, இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்: 1,30,000 கிலோமீட்டர் ஓடிய 2014 மாருதி ஸ்விஃப்ட் டீசல், 85,000 கிலோமீட்டர் ஓடிய 2013 ஃபோர்டு ஃபிகோ டீசல்.

ஸ்விஃப்ட்டில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் எஞ்சின். டாடா, ஃபியட் கார்களிலும் அதே எஞ்சின் வந்ததால், மாருதி 2020இல் டீசலை நிறுத்திய பின்னும் அதன் உதிரிபாகங்கள் எங்கள் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஆனால் இந்த ஓட்டத்தில் அதன் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். எஞ்சின் முழுதும் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில நொடிகள் கேட்கும் கடகட ஓசைதான் அதற்கு அடையாளம். நான் சொன்ன நேரத்துக்குப் போனபோது பானெட்டைத் தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது. அதற்குமுன் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அதனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஃபிகோவில் இருப்பது டைமிங் பெல்ட். ஓட்டம் குறைவு என்றாலும் ரப்பர் வயதாலும் கெடும். அது அறுந்தால் வால்வுகள் வளைந்து, எஞ்சினைப் பிரிக்க நேரும். பெல்ட் மாற்றியதற்கான ரசீது விற்பவரிடம் இல்லை. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. ஃபில்டர், பிரேக் பேட் பற்றி எனக்குக் கவலையில்லை. முகப்பு விளக்கு, பம்பர், கதவு போன்றவற்றுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதே என் கேள்வி.

ஃபிகோ வைத்திருப்பவர்கள் இதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். ஸ்விஃப்ட்டில் செயின், டென்ஷனர் இரண்டையும் மாற்றியவர்கள், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள், கூலியுடன் எவ்வளவு ஆயிற்று என்பதையும் சொன்னால், அத்தொகையைக் கழித்து விலை பேசிக்கொள்வேன்.