"நஞ்சுக்கொடி கீழே இருக்குது" என்று ஸ்கேனில் சொன்னார்களா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மண்டூர்க்காரி:
20 கிழமை ஸ்கேன். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள், வயிறு முட்ட இருந்தது. டொக்டர் திரையைப் பார்த்தபடியே, "பிள்ளை நல்லாயிருக்கு. நஞ்சு கொஞ்சம் கீழே, கர்ப்பப்பை வாசலிலிருந்து 12 மில்லிமீட்டர். 32 கிழமையில் திரும்பப் பார்ப்போம்" என்றார். எழும்பி உட்காருவதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

குருமண்வெளித் துறையில் பாதைப் படகில் ஏறினேன். நடு ஆற்றில் ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ண, பலகை அதிர்ந்தது. அந்த அதிர்விலேயே நஞ்சு கழன்று விழுந்துவிடும் என்று நினைத்து, இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு கரை வரைக்கும் நின்றேன். அன்றிலிருந்து 12 கிழமை என் மூத்தவனைத் தூக்கவே இல்லை. மூன்று வயது அவனுக்கு. கையை நீட்டிக்கொண்டு வருவான், நான் விலகிப் போவேன்.

32 கிழமையில் உள்வழியாகப் பார்த்தார்கள். 31 மில்லிமீட்டர். "மேலே போயிட்டு, நோர்மலாகவே பெறலாம்" என்றார்கள். மகள் பிறந்து எட்டு மாதம். அவனை அப்படித் தள்ளிவைத்தது மட்டும் இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது. யாருக்காவது இப்படி நடந்ததா?

செங்கலடி அப்பா:
தங்கச்சி, நீங்கள் தூக்காமல் இருந்தது நல்லது. என் மனிசிக்கு 22 கிழமையில் இதே கதை. என் அம்மா சொல்லி, கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்துக் கால் உயரப் படுக்கவைத்தோம். பத்துக் கிழமை. குளிக்க மட்டும் எழும்பினார். 32இல் பார்த்தால் நஞ்சு மேலே. ஆகவே யாருக்காவது சொன்னால் உடனே செய்யுங்கள்: கட்டிலை உயர்த்துங்கள், இடப்பக்கம் படுங்கள், படி ஏறாதீர்கள், ஆட்டோவில் போகாதீர்கள், பப்பாளி, அன்னாசி வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ரத்தம் கண்டால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வலி இல்லையென்று வீட்டில் இருக்கவேண்டாம். கணவன்மாருக்கும் சொல்கிறேன், தண்ணீர் அள்ளுகிற வேலையை நீங்கள் எடுங்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் நின்றேன்.

ஆரையம்பதி ஓய்வு மிட்வைப்:
தம்பி, ரத்தம் கண்டால் போகச் சொன்னது முழுக்கச் சரி. செங்கல் கதை சரியில்லை. உங்கள் மனிசி நடந்து திரிந்திருந்தாலும் அது மேலே போயிருக்கும். 20 கிழமையளவில் கீழே என்று எழுதப்படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அப்படித்தான். ரத்தம் போகாத ஒருவரைப் பத்துக் கிழமை கட்டிலில் கிடத்தினால் கால் நரம்பில் ரத்தம் கட்டுகிற பயம்தான் கூடும்.

நஞ்சு தன் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. பூசணிப் பிஞ்சில் காம்புக்குக் கிட்ட நகத்தால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். பிஞ்சு காயாகும்போது கீறல் காம்பை விட்டுத் தூரப் போயிருக்கும். கீறல் நடக்கவில்லை, இடையில் உள்ள தோல் வளர்ந்தது. கர்ப்பப்பையின் அடிப்பகுதி 20 கிழமையில் அரை சென்ரிமீட்டர் அளவுதான். கடைசி மூன்று மாதத்தில்தான் அது நீண்டு விரிகிறது, நிறைமாதத்தில் ஐந்து சென்ரிமீட்டருக்கு மேல். அதோடு ஓரம் சேர்ந்து விலகுகிறது. இன்னொன்று, கர்ப்பப்பையின் கழுத்துப் பக்கம் ரத்த ஓட்டம் குறைவு, மேலே அதிகம். நஞ்சு மேற்பக்கம் தழைக்கும், கீழ் ஓரம் கருகிப்போகும். அந்தக் கருகின இடத்தில் பிள்ளையின் ரத்தக்குழாய் ஏதாவது வாசலுக்குக் குறுக்கே தனியாக நிற்கிறதா என்று கலர் ஸ்கேனில் பார்ப்பார்கள். மேலே போனபிறகும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான், பலர் கேட்பதில்லை.

மண்டூர் மகள், உங்கள் 12 மில்லிமீட்டரையே எனக்கு முழுதாக நம்பமுடியவில்லை. மூத்திரப்பை நிரம்பினால் கர்ப்பப்பையின் அடிப்பகுதியை அமத்தும், நஞ்சு இருப்பதை விடக் கீழே தெரியும். அதனால்தான் உள்வழி ஸ்கேன். கருவி கழுத்துக்குள் போகாது, வாசலுக்கு முன்னாலேயே நின்றுவிடும். அதனால் ரத்தம் போகும் என்று பயந்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

செங்கலடி அப்பா:
அக்கா, படுத்ததால் கெடுதல் ஒன்றும் வரவில்லையே. என் அம்மா ஏழு பெற்றவர்.

ஆரையம்பதி ஓய்வு மிட்வைப்:
வராமல் போனது நல்ல காலம், தம்பி.

வாழைச்சேனை பூங்கொடி:
என் மகனுக்கும் கொடிப் பிரச்சினைதான். கழுத்தில் இரண்டு சுற்று. பெறுகிற நேரம் மிஸ் விரலால் எடுத்துவிட்டார். இப்போது ஒன்பதாம் வகுப்பு. பயப்படாதீர்கள்.

மண்டூர்க்காரி:
அக்கா, அது தொப்புள்கொடி. இது நஞ்சு.

அக்கரைப்பற்று உம்மா:
எல்லோருக்கும் மேலே போகும் என்று வாசித்துவிட்டு யாரும் நிம்மதியாக இருந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மூத்த இருவரும் சீசர். மூன்றாவதில் நஞ்சு முன்பக்கம், பழைய தழும்புக்கு மேலேயே, வாசலையும் மூடி. 32இலும் அதே இடம்.

33 கிழமை. வீட்டாருக்குச் சஹர் சமைக்க எழும்பினேன். ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு நிற்கும்போது காலில் சூடாக ஏதோ வழிந்தது. தண்ணீர்க்குடம் உடைந்தது என்று நினைத்துக் குனிந்தேன். வெள்ளைச் சீமெந்து நிலத்தில் பளிச்சென்ற சிவப்பு ரத்தம். ஒரு துளி வலி இல்லை. அந்த வலியில்லாததுதான் இன்றைக்கும் என்னை எழுப்பிவிடுகிறது. மாக் கையோடு உம்மாவைக் கூப்பிட்டேன், குரலே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் பிள்ளை ஒன்று கையுறை போட்டுக்கொண்டு சோதிக்க வந்தார். வயதான நேர்ஸ் ஓடிவந்து, "விரல் வைக்காதீங்க, முதலில் ஸ்கேன் கொப்பியைப் பாருங்க!" என்று கத்தினார். அவர் கத்தியிராவிட்டால் என்ற நினைப்பு வந்தால் உடம்பு குளிர்ந்துபோகும். இரண்டு போத்தல் ரத்தம் ஏற்றினார்கள், பிள்ளையின் சுவாசப்பைக்கு ஊசி போட்டார்கள். ரத்தம் நின்றது. வீட்டுக்கு விடவில்லை. 36இல் சீசர். அல்ஹம்துலில்லாஹ், இருவரும் சுகம்.

ராத்தா, தழும்பு இருந்தால் மேலே போகாதா?

ஆரையம்பதி ஓய்வு மிட்வைப்:
போகிறவர்களும் உண்டு மகள், ஆனால் தழும்பு இல்லாதவர்களை விடக் குறைவு. நஞ்சு தழும்புக்குள் வேர்விட்டிருந்தால் பெற்றபிறகு கழன்று வராது, ரத்தம் நிற்காது. சீசர் செய்தவருக்கு நஞ்சு முன்பக்கம் கீழே என்று எழுதினால், இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். உங்களுக்கு வேர்விடவில்லை என்று தெரிகிறது.

திருக்கோவில் ரதி:
எனக்கு இன்றைக்கு 36 கிழமை. தலைப்பிள்ளை. 20இல் 5, 32இல் 13, நேற்று 16 மில்லிமீட்டர். ரத்தம் ஒருநாளும் போகவில்லை. ஒரு டொக்டர் நோர்மலுக்கு விட்டுப் பார்ப்போம் என்கிறார், மற்றவர் 20 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சீசர்தான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

செங்கலடி அப்பா:
சீசர். யோசிக்கவேண்டாம்.

ஆரையம்பதி ஓய்வு மிட்வைப்:
தம்பி, அவசரப்படாதீர்கள். வாசலை மூடியிருந்தால் பேச்சே இல்லை, சீசர்தான். 20க்கு மேலே என்றால் நோர்மல். உங்கள் 16 நடுவில் நிற்கிறது மகள், அங்கே டொக்டர்மாரே ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. கிளினிக்கில் கேளுங்கள்: பிள்ளையின் தலை நஞ்சின் ஓரத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறதா? ஓரம் மெல்லிசா, தடிப்பா? நடுச்சாமத்தில் ரத்தம் போனால் உடனே தியேட்டரும் ரத்தமும் கிடைக்கும் இடமா? தலை இறங்கி, ஓரம் மெல்லிசாக இருந்தால் நானும் முதல் டொக்டர் பக்கம் நிற்பேன். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

திருக்கோவில் ரதி:
தலை இன்னும் இறங்கவில்லை என்றுதான் நேற்றுச் சொன்னார்கள். செவ்வாய் கிளினிக். பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டோம், பக்கத்து வீட்டு அண்ணன் வானை இரவில் வேறெங்கும் கொண்டுபோகமாட்டேன், எங்களுக்காக நிறுத்திவைப்பேன் என்றிருக்கிறார்.

மண்டூர்க்காரி:
ரதி, செவ்வாய் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.