புதுப்பிப்பு: படுக்கையருகே கிறுக்கிய குறிப்பு போர்ட்ஃபோலியோ பதிவான கதை

மருத்துவப் பயிற்சியில் கற்றதைத் தொகுத்து வைக்கும் போர்ட்ஃபோலியோவுக்காக முன்பு இங்கே நான் கேட்டது: “கெட்ட செய்தி சொன்ன உரையாடலைப் பற்றி அரைப் பக்கக் கிறுக்கல் இருக்கிறது, இதை எப்படி, நடந்ததை யோசித்துக் கற்றதை எழுதும் பிரதிபலிப்புப் பதிவாக்குவது?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, பதிவு ஏற்கப்பட்டது.

முதலில் நடந்தது, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என்ற கிப்ஸ் சுழற்சியின் ஆறு தலைப்புகளிலும் எழுதிப் பார்த்தேன். அந்த யோசனை பாதி சரி, உணர்வு பற்றிய கேள்வி உதவியது, ஆனால் மதிப்பீடும் பகுப்பாய்வும் ஒரே பேச்சாகிவிட்டன. கைகொடுத்தது மூத்த மருத்துவர் சொன்னதுதான்: குறிப்பில் உறுத்துகிற ஒரே வரியை எடு, ‘என்ன, அதனால் என்ன, இனி என்ன’ என்று மட்டும் கேள். என் வரி இது: “மகள் அழுதார். ‘கவலைப்படாதீங்க’ என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.” அந்த ஆறுதல் அவர்களுக்கு அல்ல, மௌனம் தாங்காத எனக்கு என்பது எழுதும்போதுதான் புரிந்தது. நடந்ததை நான்கே வாக்கியமாகச் சுருக்கினேன். ‘இனி நன்றாகப் பேசுவேன்’ என்பதை அடித்துவிட்டு, ‘அழுதால் பேசாமல் காத்திருப்பேன், அப்புறம் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார் எனக் கேட்பேன்’ என்று மாற்றினேன்.

எதிர்பாராதது ஒன்று: பெயரும் படுக்கை எண்ணும் இல்லை, ஆனாலும் நோயாளியின் அரிய தொழிலை வைத்தே அடையாளம் தெரியும் என்று வழிகாட்டி திருப்பி அனுப்பினார். அதை நீக்கினேன்.

தேர்வில் நோயாளியாக நடிப்பவரிடம் பேசியதை எழுதலாமா என்று கேட்டவருக்கு: அது வேறு கதை, எனக்கும் தெரியவில்லை.