கேபிளில் 94, வைஃபையில் 310: நிறுவனம் ஏமாற்றுகிறதா?

புதுவரவு_டொராண்டோ: வணக்கம். நாங்கள் இங்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அலுவலகக் காணொளிக் கூட்டங்கள் நடுநடுவே நின்றுவிடுவதால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். இரண்டு கணினிகளுக்கு இடையிலான வேகத்தை அளக்கும் iperf3 என்ற நிரலைக் கொண்டு இன்று அளந்தபோது வைஃபையில் 310 மெகாபிட்டும், கேபிளைச் செருகியபின் 94 மெகாபிட்டும் வந்தன. 1 கிகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். நாளையே ரத்து செய்துவிடட்டுமா?

மெல்பர்ன்_மாமா: தம்பி, உடனே ரத்து செய்யுங்கள். நான் வந்த புதிதில் நான்கு மாதங்கள் இணைப்பே இல்லாமல் நூலகத்தில் அமர்ந்து வேலை தேடினேன். புதியவர்கள் என்றால் எல்லாருக்கும் இளக்காரம்தான்.

கேபிள்பக்தன்: வைஃபை ஒருபோதும் கேபிளை மிஞ்சாது. ஆகவே 310 என்பதே பிழையான அளவு.

வலைப்பணி_பெர்லின்: கேபிள் முந்த வேண்டும் என்பது சரி, ஆனால் இங்கே ஐயத்துக்குரிய எண் 310 அன்று, 94. வேகம் 100 மெகாபிட்டாகக் குறைந்துவிட்ட ஈதர்நெட் இணைப்பு ஏறக்குறைய 94 மட்டுமே தரும். கிகாபிட் இணைப்பாக இருந்தால் 940ஐ ஒட்டி வரும். கிகாபிட்டுக்கு எட்டு இழைகளும் வேண்டும். அவற்றுள் ஒன்று அறுந்தாலும் பல கருவிகள் சத்தமின்றி 100க்கு இறங்கி, வேலை செய்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நொடியும் மாறாமல் 94 என்றே காட்டினால் அது இந்த உச்சவரம்புதான். அது இருக்கட்டும், எதிர்முனையில் `iperf3 -s` ஓடியது எந்தக் கணினியில்?

புதுவரவு_டொராண்டோ: மனைவியின் மடிக்கணினியில். அதுவும் வைஃபையில்தான் இருந்தது.

வலைப்பணி_பெர்லின்: அப்படியானால் நீங்கள் அளந்தது வீட்டுக்குள் இருக்கும் பாதையை மட்டுமே, நிறுவனத்தின் இணைப்பை அந்தச் சோதனை தொடவே இல்லை. மேலும், இரண்டு முனைகளும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பொதியும் ஒரே அலைவரிசையில் இருமுறை பயணிக்கிறது. வேகம் ஏறத்தாழப் பாதியாகும். எதிர்முனையை ரவுட்டரில் கேபிளால் இணைத்துவிட்டு, 192.168.1.10 என்ற இடத்தில் அந்த எதிர்முனைக் கணினியின் முகவரியை இட்டு, உங்கள் கணினியில் இவ்விரண்டையும் ஓட்டுங்கள்:

```
iperf3 -c 192.168.1.10 -t 30 -O 3
iperf3 -c 192.168.1.10 -t 30 -O 3 -R
```

முதலாவது நீங்கள் அனுப்பும் வேகம், `-R` சேர்த்தது நீங்கள் பெறும் வேகம். கேபிளைச் சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையேல் தரவு எந்த வழியே போனது என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

மெல்பர்ன்_மாமா: எங்கள் காலத்தில் இவ்வளவு கணக்கு யார் பார்த்தார்கள்? வாடகை வீட்டுச் சுவரே முதல் எதிரி.

புதுவரவு_டொராண்டோ: முந்தைய குடியிருப்பாளர் விட்டுச்சென்ற கேபிளை மாற்றினேன், இரு திசையிலும் 941. அதே எதிர்முனையோடு வைஃபையில் வரவேற்பறையில் 560 வருகிறது. படுக்கையறையிலோ பெறுவது 180, அனுப்புவது 60. கூட்டங்களை அங்கிருந்துதான் நடத்துகிறேன்.

கேபிள்பக்தன்: ரவுட்டரை மாற்றுங்கள்.

வலைப்பணி_பெர்லின்: அவசரம் வேண்டாம். மடிக்கணினியின் அலைபரப்பு ரவுட்டருடையதைவிட வலுக்குறைந்ததாக இருக்கலாம். அண்டை வீட்டு வைஃபையின் நெரிசலாகவும் இருக்கலாம். இரவு எட்டு மணிக்கும் விடியற்காலையிலும், மேசையை நகர்த்தாமல், மும்மூன்று முறை அளந்து எண்களை இங்கே இடுங்கள்.