எட்டரைக்குத் தொடங்கும் நித்திரை: ஆறு, ஏழு, எட்டுக் கிழமைப் பிள்ளைகள்

குளக்கட்டடி

ஒரு வீடு மனசை விட்டுப் போகுதில்லை, அதுதான் எழுதுறன். மல்லாவிப் பக்கம், ஏழாவது கிழமை, பொம்பிளைப்பிள்ளை. தாய்ப்பால் மட்டும், நிறையும் நல்லாக் கூடியிருந்தது. தாய் சொன்னது ஒரே வசனம்: "பிள்ளை இரவிலை நித்திரையே கொள்ளுறாள் இல்லை." கலண்டர் தாளின்ரை பின்பக்கத்திலை இரண்டு நாளைக்கு நேரம் மட்டும் குறிக்கச் சொன்னன்.

அந்தத் தாள்தான் இன்னும் கண்ணுக்குள்ளை நிக்குது. காலை 10 மணிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பு, சாம்பிராணிப் புகை, பால். 10:45க்கு நித்திரை. எழும்பினது 3:15க்கு. நாலரை மணித்தியாலம்! பிள்ளைக்கு நீளமாய் நித்திரை கொள்ளத் தெரியும், பகலிலை கொள்ளுது. இரவு 8:30க்குக் கண் மூடி 11:15க்கு எழும்புது. தாய் ஏதனம் கழுவி, துணி மடிச்சு, 11 மணிக்குத்தான் பாயிலை சாயிறா. அவ சாய, பிள்ளை எழும்புது. பிறகு ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால். பிள்ளை கொண்ட இரண்டே முக்கால் மணித்தியாலம் தாய்க்குக் கிடைக்கேல்லை. அதாலைதான் "நித்திரையே இல்லை" எண்ட கதை.

ஏன் பகலுக்குப் போனது? அறையைப் பார்த்தாலே விளங்கும். 31ஆம் நாள் துடக்குக் கழியுமட்டும் யன்னலுக்குச் சாறி கட்டி, கதவு சாத்தி வைச்சிருக்கினம். துடக்குக் கழிஞ்ச பிறகும் அந்தச் சாறி அப்பிடியே தொங்குது. பகலும் இருட்டு, இரவு பால் குடுக்கேக்கை ரியூப் லைட் வெளிச்சம். இந்த வயசிலைதான் பிள்ளையின்ரை சொந்த மணிக்கூடு மெல்ல ஓடத் தொடங்குது. அதுக்குச் சாவி குடுக்கிறது வெளிச்சம். இங்கை சாவி தலைகீழாய்ப் போச்சு.

செய்தது இவ்வளவுதான். காலை 7 மணிக்குச் சாறியைக் கழட்டி, பிள்ளையோடை விறாந்தையிலை அரை மணித்தியாலம். வெயில் மேலை படத் தேவையில்லை, வெளிச்சம் காணும். பகல் நித்திரை எல்லாம் ஹோலிலை, யன்னல் திறந்தபடி, வீட்டுச் சத்தத்தோடை. குளிப்புக்குப் பிறகு வாற நித்திரையை இரண்டரை மணித்தியாலத்தோடை நிறுத்தி 1:15க்கு எழுப்பிறது: போர்வையை எடுத்து, துணி மாத்தி, உள்ளங்காலைத் தேய்ச்சு, பால். இரவு 7 மணிக்குப் பிறகு ரியூப் லைட் இல்லை, கதவுக்கு வெளியிலை ஒரு சின்ன மஞ்சள் பல்ப். இரவுப் பாலுக்குக் கதை இல்லை, கொஞ்சல் இல்லை, மலம் போனால் அல்லது நல்லா நனைஞ்சால் மட்டும் துணி மாத்திறது.

முதல் மூண்டு நாளும் ஒண்டும் மாறேல்லை. இரண்டாம் நாள் பின்னேரம் அழுகை இன்னும் கூடினது. அது எதிர்பார்க்கிறதுதான், ஆறு கிழமையை ஒட்டித்தான் பின்னேர அழுகை உச்சத்துக்கு வாறது. ஐஞ்சாம் நாள் இரவு முதல் நித்திரை மூண்டேகால் மணித்தியாலம். ஒன்பதாம் நாள் 8:40இலை இருந்து 1:20 வரை. அண்டைக்கு ஏதனம் கழுவினது அம்மம்மா. தாய் 8:45க்குப் படுத்திட்டா.

பரந்தன் அன்ரி

இதுக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. குளிப்பைக் காலையிலை இருந்து பின்னேரம் 5 மணிக்கு மாத்தினால் முடிஞ்சுது. குளிச்ச பிள்ளை நீட்டி நித்திரை கொள்ளும் எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், அதை இரவுக்குக் கொண்டு போகவேண்டியதுதானே. எங்கடை ஒழுங்கையிலை இரண்டு பிள்ளையளுக்கு இப்பிடித்தான் சரிவந்தது.

குளக்கட்டடி

அன்ரி, குளிப்பு உதவும், மறுக்கேல்லை. ஆனால் 5 மணிக்குக் குளிச்சால் 5:30க்கு நித்திரை வருது, இரவு நித்திரையின்ரை முதல் துண்டு அங்கையே செலவாய்ப் போகுது. மாத்திறதெண்டால் 7 மணிக்குக் கிட்ட, சூடான தண்ணியிலை, ஐஞ்சு நிமிசத்திலை துடைச்சு எடுக்கோணும். மார்கழி, தை மாதப் பனியிலை எந்த அம்மம்மாவும் அதுக்கு விடமாட்டா. அவையோடை சண்டை பிடிக்கிறதை விட, குளிப்பு 10 மணிக்கே இருக்கட்டும், நித்திரையை மட்டும் இரண்டரையோடை நிறுத்துவம் எண்டு சொன்னால் வீடு ஒத்துக்கொள்ளும்.

பரந்தன் அன்ரி

நித்திரை கொள்ளுற பிள்ளையை எழுப்பக் கூடாது. அது என்ரை கருத்து, மாத்தமாட்டன்.

வார்ட்டிலை நிண்டவள்

எனக்கு நிக்கிறது வேறை காட்சி. புதுக்குடியிருப்புப் பக்கம், எட்டுக் கிழமைப் பெடியன், இரவு ஒரு மணிக்குக் கிட்ட. நுளம்பு வலைக்குள்ளை பிள்ளை "ம்ம்… ங்கே" எண்டு முனகுது, முகத்தைச் சுளிக்குது, காலை மடக்கி அடிக்குது, சொண்டு சிரிக்கிற மாதிரி ஒருக்கால் போகுது. கண் மூடினபடி. சத்தம் வந்து இரண்டு செக்கன் இல்லை, அப்பம்மா தூக்கி ஏணைக்குள்ளை போட்டு ஆட்டத் தொடங்கிட்டா. அந்த ஆட்டத்திலைதான் பிள்ளை கண்ணை முழிச்சது. அதுவரைக்கும் பிள்ளை நித்திரையிலைதான் இருந்தது.

இந்த வயசிலை நித்திரையின்ரை பாதி இப்பிடி அசையிற நித்திரைதான். கிட்டத்தட்ட 50 நிமிசத்துக்கு ஒருக்கால் சுற்று மாறும், மாறேக்கை முனகும், நெளியும், ஒரு சின்ன அழுகைகூட வரும். அதிலை தூக்கினால் இரண்டு சுற்றை ஒட்டப் பிள்ளைக்கு ஒருநாளும் வாய்ப்புக் கிடைக்காது. பக்கத்திலை கிடந்தபடி ஒரு நிமிசம், இரண்டு நிமிசம் பாக்கிறதுதான் வேலை. கண் மூடியிருந்து சத்தம் விட்டு விட்டு வந்தால் கை வைக்கத் தேவையில்லை. கண் திறந்து, தலையைத் திருப்பி வாயாலை தேடி, கையை வாய்க்குக் கொண்டு போனால் அது பசி. அழுகை முத்த முன்னம் பால் குடுத்திடோணும். முத்தினால் ஆறப்பண்ணவே அரை மணித்தியாலம் போகும், பிள்ளை காத்தையும் விழுங்கும்.

இதை "அழவிட்டால் பழகும்" எண்டு ஒருவரும் விளங்கக் கூடாது. எட்டுக் கிழமையிலை அழவிட்டுப் பழக்கிற கதையே இல்லை. நான் சொல்லுறது நித்திரைச் சத்தத்தை.

முறிகண்டி மாமா

பொம்பிளையள் உதெல்லாம் செய்து களைக்கிறதை விட, படுக்க முன்னம் ஒரு போத்தல் பால்மா குடுத்தால் வயிறு பாரமாய் விடியுமட்டும் கிடக்கும். எனக்குத் தெரிஞ்ச வீட்டிலை அரைக் கரண்டி கூடப் போட்டுக் கரைக்கிறவை. பிள்ளை நல்ல மொத்தம்.

வார்ட்டிலை நிண்டவள்

மாமா, அந்த அரைக் கரண்டியை இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லுங்கோ. பேணியிலை போட்டிருக்கிற அளவுக்கு மேலை மா போனால் பாலிலை உப்புச் செறிவு கூடும். இந்த வயசுச் சிறுநீரகம் அதைத் தாங்காது. பிள்ளைக்குத் தாகம் எடுக்கும், தாகத்துக்கு அழும், வீட்டிலை பசியெண்டு நினைச்சு இன்னும் அதையே குடுப்பினம். மலமும் இறுகும். வயித்துப்போக்கோ காய்ச்சலோ வந்தால் நிலமை கெதியாய் மோசமாகும்.

சரியான அளவிலை கரைச்ச போத்தலெண்டாலும் யோசிக்கோணும். சில பிள்ளையள் பால்மாவிலை கொஞ்சம் கூடநேரம் கிடப்பினம், அதிலை நீங்கள் சொல்லுறது பிழையில்லை. ஆனால் தாய்ப்பால் குடுக்கிற தாய்க்கு இரவிலை ஒரு நேரம் தவறினால் மார்பு கட்டும். கட்டி நிக்கிற மார்பு குறைச்சுச் சுரக்கப் பழகும். இரண்டு கிழமையிலை "பால் காணாது" எண்ட முறைப்பாடு அங்கை இருந்துதான் தொடங்கும். அரிசிக்கஞ்சித் தண்ணி, சீனித் தண்ணி, ஓமத் தண்ணி எல்லாத்துக்கும் ஒரே பதில்: ஆறு மாதம் வரை தாய்ப்பால், வேறை ஒண்டும் இல்லை.

பாரமாக்கிறதெண்டால் தாய்ப்பாலாலையே ஏலும். பின்னேரம் 6 மணியிலை இருந்து 8:30 வரை பிள்ளை அரை மணிக்கொருக்கால் கேட்டால் குடுங்கோ, ஒரு பக்கம் முடிச்ச பிறகு மற்றப் பக்கம். அது பால் இல்லாததாலை கேக்கிறதில்லை, இரவுக்குச் சேர்க்கிறது. பிறகு தோளிலை போட்டு ஏவறை எடுத்துக் கிடத்துங்கோ.

ஒட்டுசுட்டான் அப்பா

எங்கடை மகனுக்கும் எட்டுக் கிழமை முடிஞ்சுது. நீங்கள் சொன்ன எல்லாம் செய்யிறம், வெளிச்சம், மஞ்சள் பல்ப், எல்லாம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலை போகுதில்லை. மனுசி தன்னிலை பிழையெண்டு அழுறா. 34 கிழமையிலை பிறந்தவன்.

குளக்கட்டடி

தம்பி, கடைசியாய் எழுதினதை முதல் எழுதியிருக்கோணும். நிறைமாதம் 40 கிழமை, 40இலை 34 போக ஆறு. எட்டிலை ஆறு போக இரண்டு. நித்திரை விசயத்திலை உங்கடை மகன் இரண்டு கிழமைப் பிள்ளை. நீங்கள் தேடுற நீண்ட நித்திரை இன்னும் நாலு, ஆறு, சிலவேளை அதுக்கும் கூடக் கிழமை கழிச்சுத்தான் வரும். தங்கச்சியிலை ஒரு பிழையும் இல்லை, அவவிட்டை இதை இண்டைக்கே சொல்லுங்கோ. இப்ப அவனுக்கு அடிக்கடி பால்தான் தேவை. இரண்டு, இரண்டரை மணித்தியாலம் தாண்டிக் கிடந்தால் எழுப்பிக் குடுக்கச் சொல்லியிருப்பினம், கிளினிக்கிலை நிறையைப் பாத்து டொக்டர் விடுமட்டும் அதை மாத்தாதையுங்கோ. தடுப்பூசியை மட்டும் இப்பிடிக் கழிச்சு எண்ணாதையுங்கோ, அது பிறந்த திகதியிலை இருந்துதான், இரண்டு மாத ஊசி இப்பவே வந்திருக்கும். ஊசி போட்ட அண்டைக்கும் அடுத்த நாளும் நித்திரை குழம்பும், அந்த இரண்டு நாளைக் கணக்கிலை எடுக்காதையுங்கோ.

நிறைமாதப் பிள்ளையெண்டாலும் நிறை முதல், நித்திரை பிறகு. நாளுக்கு 20, 30 கிராம் கூடிக்கொண்டு, 24 மணித்தியாலத்திலை ஆறு தரமாவது துணி நனைஞ்சால் ஐஞ்சு மணித்தியாலம் கிடக்க விடலாம். நிறை நிண்டுபோய் நீட்டி நித்திரை கொள்ளுற பிள்ளையை நல்ல பிள்ளையெண்டு விட்டிடாதையுங்கோ. பாலுக்கு எழுப்ப எழும்பாட்டி, அல்லது உடம்பு 38 பாகையோ அதுக்கு மேலையோ சுட்டால், விடியுமட்டும் பாக்காமல் ஆஸ்பத்திரி.

பரந்தன் அன்ரி

ஏணையைப் பற்றி ஒருத்தரும் தெளிவாய்ச் சொல்லேல்லை. வன்னியிலை தகரக் கூரைக்குக் கீழை, ஆடி மாத வெக்கையிலை, ஏணைக்குள்ளைதானே காத்து.

வார்ட்டிலை நிண்டவள்

பகலிலை, நீங்கள் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருக்கேக்கை, குட்டித் தூக்கத்துக்கு வைக்கிறவையோடை நான் சண்டை பிடிக்கிறதில்லை. இரவு நீண்ட நித்திரைக்கு ஏணை வேண்டாம். சாறி வளையேக்கை பிள்ளையின்ரை நாடி நெஞ்சிலை முட்டும், அந்தச் சின்னக் கழுத்திலை மூச்சுப்பாதை மடங்கும். இரவிலை ஆரும் முழிச்சிருந்து பாக்கப் போறதில்லை. இன்னொண்டு, ஆட்டத்திலை கண் மூடின பிள்ளை 50 நிமிசத்திலை அரைவாசி முழிக்கேக்கை ஆட்டத்தைத்தான் தேடும். பாயிலை கண் மூடினது பாயிலை தானாய்த் திரும்பக் கண் மூடப் பாக்கும். சொக்கி வரேக்கையே, முழுசாய் நித்திரையாக முன்னம், மல்லாக்கக் கிடத்துங்கோ. தட்டையான, இறுக்கமான படுக்கை, தலாணி இல்லை, பக்கத்திலை துணிச்சுருள் இல்லை, மேலை வலை.

வெக்கைக்கு ஒரு மெல்லிய பருத்திச் சட்டை காணும், தொப்பியும் காலுறையும் வேண்டாம். பிடரியிலை கை வைச்சுப் பாருங்கோ. வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழட்டுங்கோ. கையும் காலும் குளிர்ந்திருக்கிறதை வைச்சுத்தான் வீட்டிலை போர்த்திப் போர்த்தி விடுறது. மின்விசிறியைச் சுவருக்குத் திருப்பி விட்டால் காத்து சுத்தி வரும். நுளம்புத்திரி அறைக்குள்ளை வேண்டாம்.

பரந்தன் அன்ரி

பிடரி விசயம் சரி. எழுப்பிற விசயத்திலை நான் இன்னும் அங்கைதான் நிக்கிறன்.

ஒட்டுசுட்டான் அப்பா

மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். இண்டையிலை இருந்து எட்டரைக்கு அவ படுக்கட்டும், ஏதனம் நான் கழுவுறன். இரண்டு மணித்தியாலமெண்டாலும் அந்த இரண்டையும் அவ எடுக்கட்டும்.