ஐந்து நட்டு மாட்டியதும் ஊசல் ஏன் மெதுவானது?

ஏற்காடு, அறிவியல் டீச்சர்

போன வாரம் ஏழாம் வகுப்புக்குத் தனி ஊசல் சோதனை வைத்தேன். எங்களுடையது மலைமேல் இருக்கும் சின்னப் பள்ளி, பித்தளைக் குண்டெல்லாம் கிடையாது. சேலத்துக்கு இறங்கியபோது ஹார்டுவேர் கடையில் ஒரே அளவு இரும்பு நட்டுகளாக வாங்கி வந்திருந்தேன். ஒரு நட்டு 16 கிராம் சொச்சம், அகலம் 2 செ.மீ. மேசை ஓரத்தில் ஒரு ஸ்கேலை நீட்டிக் கட்டி, அதிலிருந்து நூலைத் தொங்கவிட்டோம். நூல் கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 50 செ.மீ.

ஒரு நட்டு மாட்டி 20 அலைவு எண்ணினோம், 28.4 நொடி வந்தது. மூன்று நட்டு மாட்டியபோது 29.0. ஐந்து நட்டுக்கு 29.6. ஒரு குழுவில் மட்டும் இப்படி வந்திருந்தால் கை தவறிவிட்டது என்று விட்டிருப்பேன். நான்கு குழுவிலும் இதே ஏற்றம். எடை கூடினால் ஊசல் மெதுவாகும் என்று எல்லாரும் நோட்டில் எழுதிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "புத்தகத்துல எடை மாத்தாதுன்னு போட்டிருக்கே மிஸ், அப்ப நாங்க பார்த்தது பொய்யா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. நாளை பார்க்கலாம் என்றேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் யாராவது உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை, டியூஷன் ஆசிரியர்

டீச்சர், இது எண்ணுவதில் வரும் தவறுதான். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் குண்டை விடும்போதே "ஒன்று" என்று சொல்லி வாட்சைத் தட்டிவிடுவார்கள். இருபது என்று சொல்லி நிறுத்தும்போது உண்மையில் 19 அலைவுதான் முடிந்திருக்கும். விடும்போது "பூஜ்யம்" என்று சொல்லப் பழக்குங்கள். எடையும் சரி, கோணமும் சரி, ஊசலின் நேரத்தை ஒருபோதும் மாற்றாது. நீளம் ஒன்றுதான் மாற்றும்.

சேலம், கடிகாரம் பழுது பார்ப்பவர்

நாற்பது வருடம் சுவர்க் கடிகாரங்களோடு இருந்தவன் என்பதால் சொல்கிறேன். தம்பி சொன்ன எண்ணும் தவறு நிஜமாகவே வரக்கூடியதுதான். ஆனால் அதற்கு ஓர் அடையாளம் உண்டு, பிழை முழுசாக ஓர் அலைவாக இருக்கும். 50 செ.மீ. ஊசலில் ஓர் அலைவு 1.4 நொடி. அப்படித் தவறியிருந்தால் 28.4 வரவேண்டிய இடத்தில் 27.0 வந்திருக்கும். டீச்சருக்கு 0.6, 0.6 என்று படிப்படியாக ஏறியிருக்கிறது. எண்ணிக்கை தவறினால் இப்படி வராது.

எனக்கு ஒரே ஒரு விவரம் வேண்டும். ஐந்து நட்டையும் எப்படிக் கட்டினீர்கள்?

ஏற்காடு, அறிவியல் டீச்சர்

ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, மாலை மாதிரி, ஒட்டி ஒட்டிக் கட்டினார்கள் ஐயா. படம் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது, மற்றவை கீழே இறங்கின.

சேலம், கடிகாரம் பழுது பார்ப்பவர்

அதுதானம்மா. எடையைக் கூட்டும்போதே உங்களை அறியாமல் நீளத்தையும் கூட்டிவிட்டீர்கள். ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் இல்லை. தொங்கும் புள்ளியிலிருந்து மொத்த எடையின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். ஐந்து நட்டு வரிசையில் அந்த நடு மூன்றாவது நட்டில் இருக்கிறது, அதாவது 4 செ.மீ. கீழே. உங்கள் ஊசல் 54 செ.மீ. ஆகிவிட்டது. 54 செ.மீ. ஊசலுக்கு 20 அலைவு 29.5 நொடி. நட்டுகள் நீளவாக்கில் பரவி இருப்பதால் இன்னும் துளி கூடும். உங்கள் பிள்ளைகள் 29.6 என்று எழுதியிருக்கிறார்கள் என்றால் மிகச் சுத்தமாக அளந்திருக்கிறார்கள்.

கடிகாரத்தில் எங்கள் பிழைப்பே இதுதான். ஊசலின் அடியில் ஒரு சின்னத் திருகு நட்டு இருக்கும். கடிகாரம் வேகமாக ஓடினால் அதைத் தளர்த்திக் குண்டைக் கொஞ்சம் கீழே இறக்குவோம், மெதுவாகிவிடும். குண்டின் கனத்தை யாரும் மாற்றமாட்டோம். லண்டன் பெரிய மணிக்கூண்டுக் கடிகாரத்தின் ஊசல்மேல் பழைய பென்னிக் காசுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு காசு வைத்தால் நாளைக்கு 0.4 நொடி வேகம் கூடும். கவனியுங்கள், எடை கூடுகிறது, ஆனால் ஊசல் வேகமாகிறது. காசு மேலே உட்காருவதால் எடையின் நடு மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். உங்கள் வகுப்பில் நடந்தது அதற்கு நேர் எதிர்.

நாளைக்கு நட்டு எல்லாவற்றையும் ஒரே கொக்கியில் கொத்தாக மாட்டிப் பாருங்கள்.

சூரமங்கலம், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா

நான் அறிவியல் படித்தவள் இல்லை. ஊசல் என்றதும் ஊஞ்சல், தூளி ஞாபகம்தான் வந்தது. என் மூத்தவன் பிறந்தபோது சேலையில் தூளி கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தோம். குழந்தை வளர வளரத் தூளி மெதுவாக ஆடுவது போல இருந்தது. கனம் கூடியதால் என்று மாமியார் சொன்னார். அதுவும் இந்த நட்டு மாதிரிதானா? இப்போது அடுத்த குழந்தைக்கு மறுபடி கட்டியிருக்கிறோம். மெதுவாக ஆட என்ன செய்யலாம் என்றும் சொன்னால் நல்லது.

சேலம், கடிகாரம் பழுது பார்ப்பவர்

அதே கதைதான் கண்ணு. கனம் ஏற ஏறச் சேலை இழுபடும், முடிச்சு இறுகும், குழந்தை தரைக்குப் பக்கமாக வந்துவிடும். நீளம் கூடியதால் மெதுவானது. மெதுவாக ஆட வேண்டுமென்றால் உயரமான இடத்தில் கட்டி நீளமாக விட வேண்டும். ஆனால் ஆட்டத்தை இருமடங்கு மெதுவாக்க நான்கு மடங்கு நீளம் தேவை. வீட்டில் அதற்கு இடம் இருக்காது. சின்னதாக ஆட்டினாலே குழந்தைக்குப் போதும், சேலையும் முடிச்சும் உறுதியாக இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

ஏற்காடு, அறிவியல் டீச்சர்

ஐயா சொன்னபடி இன்று செய்தோம். ஜெம் கிளிப்பை வளைத்துக் கொக்கியாக்கி, நட்டுகளைக் கொத்தாக மாட்டினோம். ஒன்று, மூன்று, ஐந்து நட்டுக்கு முறையே 28.4, 28.5, 28.4. வித்தியாசம் வாட்ச் தட்டும் விரலின் தாமதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணே அடுத்த யோசனையும் சொன்னாள். "நீளம்தான் காரணம்னா, ஒரே ஒரு நட்டைப் போட்டு நூலை 4 செ.மீ. நீட்டலாம் மிஸ்." நீட்டினோம். 29.5 நொடி. ஐந்து நட்டின் நேரம் ஒற்றை நட்டுக்கு வந்துவிட்டது. வகுப்பே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பழைய அட்டவணையை யாரும் அடிக்கவில்லை, பக்கத்தில் 50, 52, 54 என்று நீளத்தை மட்டும் எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதே பிழை நீளச் சோதனையிலும் ஒளிந்திருந்தது. ஒரு குழு நூலை மட்டும் அளந்து 20 செ.மீ., 80 செ.மீ. என்று வைத்திருந்தது. நான்கு மடங்கு நீளத்துக்கு இருமடங்கு நேரம் வரவேண்டும். அவர்களுக்கு 19.3, 36.6 வந்தது, 1.9 மடங்குதான். கொக்கியும் நட்டின் பாதியும் சேர்த்து 3 செ.மீ. விட்டுப்போயிருக்கிறது. உண்மையான நீளம் 23, 83. இந்த 3 செ.மீ. நீள ஊசலைப் பெரிதாகப் பாதிக்காது, குட்டை ஊசலைத்தான் நன்றாகப் பாதிக்கும். விகிதம் 2 வராமல் அதற்குக் கீழே நின்றால் முதலில் நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்றுதான் இனி நான் கேட்பேன்.

அம்மாபேட்டை, டியூஷன் ஆசிரியர்

எடை விஷயம் புரிந்தது டீச்சர், நானும் கோர்த்துக் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் கோணம் மாற்றாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். 5 டிகிரி, 10 டிகிரி, 15 டிகிரி எல்லாம் பார்த்தாயிற்று.

சேலம், கடிகாரம் பழுது பார்ப்பவர்

நீங்கள் பார்த்த கோணங்கள் மூன்றும் சின்னவை தம்பி. 10 டிகிரியில் நேரம் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் கூடும், ஸ்டாப்வாட்சில் தெரியாது. 30 டிகிரியில் நூற்றுக்கு 1.7, 60 டிகிரியில் நூற்றுக்கு 7. பெரிய கோணத்தில் விட்டுப் பாருங்கள். 20 அலைவு எண்ண வேண்டாம், வீச்சு அதற்குள் குறைந்துவிடும். பத்து போதும். நூல் விறைப்பாக இருக்கும்படி இழுத்துப் பிடித்து, தள்ளாமல் கையை மட்டும் எடுங்கள். கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும் வட்டமடிக்க ஆரம்பிக்கும், அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள்.

அம்மாபேட்டை, டியூஷன் ஆசிரியர்

செய்து பார்த்தேன். கோணமானியை அட்டையில் ஒட்டித் தொங்கும் புள்ளிக்குப் பின்னால் வைத்தேன். 50 செ.மீ. நீளம், பத்து அலைவு. 10 டிகிரியில் 14.2, 20 டிகிரியில் 14.3, 60 டிகிரியில் 15.0. மூன்று முறை செய்தேன், 60 டிகிரியில் ஒருமுறைகூட 14.8-க்குக் கீழே வரவில்லை. "சின்னக் கோணத்தில் மாறாது" என்று இனி சொல்லிக்கொடுக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு 60 டிகிரியைக் காட்டலாமா, குழப்பமாகுமா என்பது மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

ஏற்காடு, காபித் தோட்டத்தில் வேலை, ஒரு மாணவனின் அப்பா

என் பையன் இந்த வகுப்பில்தான் படிக்கிறான். மலைமேல் புவியீர்ப்பு குறைவு என்கிறார்களே, அப்படியானால் டீச்சருக்குக் கிடைத்த நேரம் சேலத்தில் வேறாக வருமா? எங்கள் தாத்தாவின் ஊசல் கடிகாரத்தைச் சேலத்திலிருந்து மேலே கொண்டுவந்த பிறகு அது பின்தங்குகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

சேலம், கடிகாரம் பழுது பார்ப்பவர்

கேள்வி நியாயமானது. 1672-இல் ரிஷேர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் காயேன் ஊருக்குக் கொண்டுபோனபோது நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர்தான். இருபது அலைவில் நொடியின் நூறில் ஒரு பங்குகூட மாறாது, வகுப்பில் கண்டுபிடிக்கவே முடியாது. நாள் முழுதும் ஓடும் கடிகாரத்தில் மட்டும் பத்துப் பதினைந்து நொடி பின்தங்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏற்காட்டின் குளிரில் ஊசல் கம்பி சுருங்கும். பித்தளைக் கம்பியாக இருந்து 10 டிகிரி குளிர் கூடினால் நாளைக்கு 8 நொடி முந்தும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும். அதனால் தாத்தா கடிகாரம் பின்தங்கியதற்கு மலைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சுவரில் சாய்வாக மாட்டியிருக்கலாம், எண்ணெய் உறைந்திருக்கலாம். கம்பி எதனால் ஆனது, நாளைக்கு எத்தனை நொடி பின்தங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஏற்காடு, ஒரு மாணவனின் அப்பா

கம்பி மஞ்சளாக இருக்கிறது, பித்தளைதான் என்று நினைக்கிறேன். பையன் நேற்று இரவு ஒன்பது மணிக்கு செல்போன் நேரத்தோடு சரிசெய்து வைத்தான். இன்று ஒன்பது மணிக்கு 40 நொடி பின்தங்கியிருந்தது. ஐயா சொன்ன கணக்கைவிட நிறைய இருக்கிறதே. ஒரு வாரம் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.