புதுப்பிப்பு: அரபு எழுத்துப் பரீட்சை

“எழுத்தைத் தனியாகக் காட்டினால் சொல்வேன். சொல்லாகச் சேர்ந்ததும் தெரிவதில்லை. ஆரம்ப வகுப்புக்குத் தரம் பிரிக்கும் பரீட்சை வருகிறது, என்ன செய்யலாம்?” – கல்முனையிலிருந்து முன்பு நான் கேட்டது.

காத்தான்குடி மௌலவி சொன்ன வழிதான் கைகொடுத்தது. அலிஃப், தால், புள்ளி வைத்த தால், ரா, ஸா, வாவ் ஆகிய ஆறும் தமக்கு இடப்பக்கம் வரும் எழுத்தோடு சேராது. அதனால் வீடு என்னும் ‘தார்’ சொல்லில் தால், அலிஃப், ரா மூன்றும் தனித்தனியே நிற்கும்; நடுவில் இடைவெளி இருந்தாலும் ஒரே சொல்தான். அதே பொருள் தரும் ‘பைத்’தில் மூன்றும் ஒட்டிக்கொள்ளும். வலமிருந்து பாருங்கள்: முதல் பல்லுக்குக் கீழே ஒரு புள்ளி, அது பா. அடுத்ததற்குக் கீழே இரண்டு, யா. கடைசியில் தட்டுப்போல் நீள்வதற்கு மேலே இரண்டு, தா. நடுவில் வரும்போது பாவும் யாவும் ஒரே பல்தான், புள்ளியை விட்டால் வேறு அடையாளமில்லை. இரண்டையும் பார்த்துப் பார்த்து எழுதியதில் கண் பழகிவிட்டது.

“குர்ஆன் ஓதத் தெரிந்தால் போதும்” என்றார் ஏறாவூர் தாத்தா ஒருவர். எழுத்துக்குச் சரி. ஆனால் குர்ஆனில் உயிர்க்குறிகள் இருக்கும். செய்தித்தாளில் பெரும்பாலும் இராது. காஃப், தா, பா மட்டும் இருந்தால் அது ‘கதப’வா, அதாவது எழுதினான் என்பதா, ‘குதுப்’ என்னும் நூல்களா என்பதை வாக்கியம்தான் சொல்லும்.

கத்தார் விசாவைப் பற்றி விளக்கிய நானாவுக்கும் நன்றி, நான் கேட்டது அதுவல்ல!

பரீட்சைத் தாளில் குறிகள் இருக்குமா? கேட்டேன், இன்னும் பதில் இல்லை.