உதவி: ஒரு நிமிஷம் ஓடினதும் தோலக் ஒரு பக்கம், சட்டி ஒரு பக்கம் போகுது

காசிமேட்டுக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். கோடோ 4.2-ல ஒரு சின்ன கேம் பண்ணிட்டிருக்கேன். மீன் கூடையைத் தூக்கிட்டு ஒரு பையன் ஹார்பர்ல இருந்து ராயபுரம் சந்துக்குள்ள ஓடுவான், பின்னாடி பூனைங்க துரத்தும். மியூசிக்குக்கு மூணு லேயர். அடியில கீபோர்டு ஆப்ல வாசிச்ச ஒரு ட்ரோன். பூனை கிட்ட வந்தா சட்டி சேரணும். ரொம்ப கிட்ட வந்தா தோலக்கும் சேரணும்.

மொத்த பட்ஜெட் ரெண்டாயிரம். அதுல ஆயிரம் எங்க தெருவுல கானாவுக்கு வாசிக்கிற அண்ணனுக்குக் குடுத்துட்டேன். எல்லாமே போன்ல ரெக்கார்டு பண்ணது. மெட்ரோனோமை இயர்போன்ல போட்டு 100 BPM-ல எட்டு பார் வாசிக்கச் சொன்னேன்.

மூணு AudioStreamPlayer வெச்சு `_ready()`-ல ஒண்ணா `play()` பண்றேன், வால்யூமை மட்டும் ஏத்தி இறக்குறேன். முதல் தடவை சூப்பரா இருக்கு. ஒரு நிமிஷம் தாண்டினா சட்டியும் தோலக்கும் தனித்தனி கச்சேரி. லூப் திரும்புற இடத்துல ஒரு சின்ன இடைவெளியும் கேக்குது. ஃபைல் எல்லாம் MP3.

ஓட்டேரி நரி
MP3-தான் வில்லன் தல. கம்ப்ரஸ் பண்ணும்போது முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் வெற்றுச் சத்தம் ஒட்டிக்கும், அதான் அந்த இடைவெளி. ஒரிஜினல் ரெக்கார்டிங்ல இருந்து OGG-யா எக்ஸ்போர்ட் பண்ணு, எல்லாம் சரியாயிடும். நான் பண்ணேன், சரியாச்சு.

புதுவண்ணை ப்ரியா
இலவச சத்தம் எடுக்கிறவங்க லைசென்ஸ் பாத்து எடுங்க. நான் ஒரு ஆட்டோ ஹாரனை இறக்கிப் போட்டுட்டேன், அது வணிகத்துக்கு ஆகாதுன்னு போட்டிருந்ததை ரிலீஸுக்கு முந்தின நாள்தான் பாத்தேன். CC0-ன்னு இருந்தா கவலையே இல்ல.

காசிமேட்டுக்காரன்
ப்ரியா அக்கா, நான் எதையும் இறக்கல, எல்லாம் சொந்த ரெக்கார்டிங். ஆனா ஹாரன் தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்கிறேன்.
நரி அண்ணா, OGG போட்டேன். இடைவெளி போச்சு. பிரியறது அப்படியேதான் இருக்கு.

தறிச்சத்தம்
தம்பி, ஒரு சோதனை பண்ணுங்க. மூணு லேயரையும் முழு வால்யூம்ல விட்டு நாலஞ்சு சுற்று கேளுங்க. முதல் சுற்றுலேயே கொஞ்சம் தள்ளி இருந்து, அந்தத் தள்ளல் அதே அளவுல நின்னா, `play()` மூணும் ஒரே நேரத்துல தொடங்கலன்னு அர்த்தம். சுற்றுக்குச் சுற்று தள்ளல் கூடிட்டே போனா, ஃபைல்களோட நீளம் ஒண்ணா இல்ல. OGG அதைச் சரி பண்ணாது.

100 BPM-ல ஒரு அடி 0.6 விநாடி. எட்டு பார்னா 32 அடி, 19.2 விநாடி. ஆடாசிட்டில ஒவ்வொண்ணும் எவ்வளவு இருக்குன்னு பாருங்க.

காசிமேட்டுக்காரன்
அக்கா, கூடிட்டேதான் போகுது. ட்ரோன் 19.20. சட்டி 19.26. தோலக் 19.23.

தறிச்சத்தம்
அப்ப சட்டி ஒவ்வொரு சுற்றுலயும் ட்ரோனை விட 0.06 விநாடி பின்தங்குது. நாலு சுற்று, அதாவது ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடினதும் 0.24. கிட்டத்தட்ட அரை அடி. உங்க காது சரியாத்தான் சொல்லியிருக்கு.

அதுக்காக உடனே வாலை வெட்டிடாதீங்க. முதல்ல கடைசி பாரோட முதல் அடி எங்க விழுதுன்னு பாருங்க. அது சரியா 16.80-ல இருக்கணும்.

காசிமேட்டுக்காரன்
சட்டி 16.80. தோலக் 16.83 கிட்ட.

தறிச்சத்தம்
ரெண்டும் வேற வேற நோய். சட்டி தாளத்துல சரியா இருக்கு, மிச்சம் இருக்கிறது அடிச்ச பிறகு வர்ற எதிரொலி. மாடிப்படில வெச்சு ரெக்கார்டு பண்ணீங்களா? 19.20-க்குப் பிறகு இருக்கிற துண்டை வெட்டி எடுத்து, இன்னொரு டிராக்ல 0-வது விநாடில வெச்சு ரெண்டையும் கலந்துடுங்க. லூப் திரும்பும்போது எதிரொலி அறுபடாம தொடரும். முதல் தடவை மட்டும் அடிக்கு முன்னாடியே எதிரொலி வரும், ஆனா அப்ப சட்டி வால்யூமே கீழ இருக்கும், யாருக்கும் தெரியாது.

தோலக்ல அண்ணன் கொஞ்சம் இழுத்து வாசிச்சிருக்கார். அதை வெட்டினா கடைசி அடிதான் கெடும். Change Tempo-ல 19.23-ஐ 19.20 ஆக்குங்க, சுருதி மாறாது. இவ்வளவு சின்ன மாற்றம் காதுல விழாது.

அடுத்து மூணு ப்ளேயர் வேண்டாம். கோடோ 4.3-ல இருந்து AudioStreamSynchronized இருக்கு, அப்கிரேடு பண்ணிக்கோங்க. மூணு ஃபைலையும் அதுக்குள்ள போட்டு ஒரே ப்ளேயர்ல ஓட்டுங்க. இம்போர்ட்ல மூணுக்கும் லூப் ஆன்ல இருக்கணும். நீளம் சரியில்லன்னா இதுக்குள்ளயும் நழுவும், அதனாலதான் ஃபைலை முதல்ல சரி பண்ணச் சொன்னேன்.

காசிமேட்டுக்காரன்
மாடிப்படிதான் அக்கா! எப்படி கண்டுபிடிச்சீங்க? வீட்டுல ஃபேனை நிறுத்தினா அம்மா திட்டுவாங்க, அதான் ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க போய் பண்ணோம்.
இப்ப பிரியவே இல்ல, பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்துட்டேன். ஆனா புதுசா ஒண்ணு. பூனை 200 பிக்சல் தூரத்துல முன்ன பின்ன ஆடும்போது சட்டி விட்டு விட்டு வருது. மெதுவா ஏத்தலாம்னு வால்யூமை -60 dB-ல இருந்து 0-க்கு ட்வீன் பண்ணேன், அதுவும் ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்காம கடைசில பொத்துன்னு வருது.

ஓட்டேரி நரி
ட்வீன் நேரத்தை அஞ்சு விநாடி ஆக்கு. ஆட்டம் தெரியாது.

தறிச்சத்தம்
அஞ்சு விநாடி ஆக்கினா ஆட்டம் மறையும், ஆனா சட்டி ஏறி முடிக்கிறதுக்குள்ள பூனை கூடையில கை வெச்சிருக்கும். வர்றதுக்கு ஒரு எல்லை, போறதுக்கு வேற எல்லை வைங்க. 200-க்குள்ள வந்தா சட்டி ஏறணும், 350-ஐத் தாண்டினாத்தான் இறங்கணும். நடுவுல இருந்தா இருந்தபடியே விடுங்க.

பொத்துன்னு வர்றதுக்குக் காரணம் dB-ஐ நேர்கோட்டுல நகர்த்துறது. -60-ல இருந்து -30 வரை தெருச் சத்தத்துல எதுவும் கேக்காது, பாதி நேரம் அங்கேயே போயிடுது. 0-ல இருந்து 1 வரை ஒரு எண்ணை நகர்த்தி, கடைசில dB ஆக்குங்க.

```gdscript
@onready var s = $Music.stream
var target = 0.0
var level = 0.0

func _process(delta):
    if dist < 200: target = 1.0
    elif dist > 350: target = 0.0
    level = move_toward(level, target, delta / 1.5)
    s.set_sync_stream_volume(1, linear_to_db(max(level, 0.001)))
```

`dist` உங்க பூனையோட தூரம். 1-ங்கிறது சட்டி, 0 ட்ரோன்.

புதுவண்ணை ப்ரியா
நடுவுல ஒரு கேள்வி. என் போன் ஸ்பீக்கர்ல பேஸ் லேயர் சுத்தமா கேக்கல, இயர்போன்ல கேக்குது. இதுவும் வால்யூம் கோளாறா?

தறிச்சத்தம்
இல்ல ப்ரியா, போன் ஸ்பீக்கரால அவ்வளவு கீழ ஒலிக்க முடியாது, வால்யூம் ஏத்தினா கிறீச்சிடும். அதே ஸ்வரங்களை ஒரு ஆக்டேவ் மேல இன்னொரு தடவை லேசா சேர்த்துப் பாருங்க.

காசிமேட்டுக்காரன்
ரெண்டும் வேலை செய்யுது அக்கா. சட்டி இப்ப வந்தா நிக்குது. செருப்புச் சத்தமும் ஒரே மாதிரி டப் டப்னு இருந்துச்சு, நாலு தடவை ரெக்கார்டு பண்ணி AudioStreamRandomizer-ல போட்டு பிட்சையும் கொஞ்சம் ஆட்டிவிட்டேன், ஹவாய் செருப்பு மாதிரியே இருக்கு.

ஒரே பிரச்சனை. தோலக் இன்னும் கச்சிதமா இருக்கட்டும்னு ஒவ்வொரு அடியையும் தனித்தனியா வெட்டி கோட்டுல உக்கார வெச்சேன். அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். "இத நான் வாசிக்கலயேடா"ன்னுட்டார்.

தறிச்சத்தம்
அதைச் செய்யச் சொல்லலையே தம்பி! நீளம்தான் கோட்டுல உக்காரணும், உள்ள அவர் கை எப்படிப் போகுதோ போகட்டும்.

ஓட்டேரி நரி
அப்படியும் சொல்ல முடியாது. சட்டி கோட்டுல இருந்து தோலக் இழுத்தா துரத்துற மாதிரி இருக்காது, நடந்து போற மாதிரி இருக்கும்.

காசிமேட்டுக்காரன்
ரெண்டையும் வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை தெருப் பசங்களை ஆட வெச்சுப் பாக்குறேன்.